99 கிலோ ஃபசினோவா, 760 மில்லிமீட்டர் ஜெஸ்டா? உயரம் குறைந்த பெண்களுக்கு ஸ்கூட்டர் பார்க்கும்போது

குமுளி, வண்டிப்பெரியாறு, பீர்மேடு பக்கம் இருந்து ஸ்கூட்டர் பார்க்க மலையிறங்கிக் கம்பத்துக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். அங்கே ஷோரூமில் டைல்ஸ் தரை. எந்த வண்டியும் ஒரு விரலில் நகரும். வீட்டுக்கு வந்து, ரோட்டிலிருந்து லயத்துக்கு இறங்கும் சிமெண்டுப் பாதையில் அதே வண்டியைப் பின்னால் இழுக்கும்போதுதான் கணக்கு வேறாகிறது. அதனால் இங்கே மைலேஜ், கலர், டிஸ்ப்ளே எதையும் தொடவில்லை. கால் எட்டுவதும் தள்ளுவதும் மட்டும்தான்.

ஐந்தடிக்கு ஓரங்குலம் குறைவு, அதாவது 150 செ.மீ. உயரமுள்ள ஒருவரை வைத்துப் பார்ப்போம். போட்டி இரண்டு வண்டிகளுக்குள். யமஹா ஃபசினோ 125 எடை 99 கிலோ, சீட் உயரம் 780 மி.மீ. டிவிஎஸ் ஜெஸ்ட் 110 எடை 103 கிலோ, சீட் உயரம் 760 மி.மீ. ஒன்று நாலு கிலோ லேசு, மற்றது ரெண்டு சென்டிமீட்டர் தாழ்வு. எங்கள் வீட்டில் எடுத்தது ஜெஸ்ட். இதே உயரம், இதே மாதிரி வழி என்றால் கேட்பவர்களுக்கும் அதையேதான் சொல்வேன்.

ஆக்டிவா 6ஜி சீட் உயரத்தில் நடுவில் நிற்கிறது, எடையில் ரெண்டையும்விடக் கூடுதல்: 765 மி.மீ., 106 கிலோ. விற்கும்போது நல்ல விலை போகும், மெக்கானிக் எங்கும் கிடைப்பார். இந்த ரெண்டும் எல்லாருக்கும் தெரிந்ததே.

முதலில் கால். செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் காலிடுக்கில் மேலே முட்டும் வரை வைத்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைக்கு டேப் பிடியுங்கள். 150 செ.மீ. உயரத்துக்குப் பெரும்பாலும் 67, 68 வரும். சீட்டோ 76. எட்டு சென்டிமீட்டர் இடிக்கிறதே என்று பயப்பட வேண்டாம். உட்கார்ந்ததும் ஸ்பிரிங்கும் சீட்டும் கொஞ்சம் அமுங்கும், செருப்பு ரெண்டு சென்டிமீட்டர் கொடுக்கும், குதிகாலைத் தூக்கினால் மிச்சம் சரியாகும். ஜெஸ்டில் ரெண்டு பாதத்தின் முன்பாதியும் தரையில் பதியும். 780-ல் பெருவிரல்தான் தொடும். முன்பாதி பதிந்தால் உட்கார்ந்தபடியே வண்டியைப் பின்னால் உந்தலாம். விரல் நுனியில் அது நடக்காது, இறங்கித்தான் தள்ளணும்.

ஸ்பெக் ஷீட்டில் வராத ஒன்று சீட்டின் முன்பக்க அகலம். மூக்கு அகலமாக இருந்தால் தொடை விரிந்து, அந்த அளவுக்குக் கால் மேலே போய்விடும். ஒரே 765 என்று போட்ட ரெண்டு வண்டியில் ஒன்று எட்டும், ஒன்று எட்டாது. ஆகவே முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, ரெண்டு காலையும் ஒரே நேரத்தில் இறக்கிப் பாருங்கள். சேலை கட்டுகிறவர் சேலையிலேயே போய்ப் பார்ப்பது நல்லது.

இனி எடை. எட்டடி நீளத்துக்கு ஓரடி ஏறும் பாதை என்று வைத்துக்கொள்வோம், நம் ஊர்ப் பக்கம் வீட்டுச் சரிவுகளில் இது சாதாரணம். வண்டி எடையில் எட்டில் ஒரு பங்கை நீங்கள் தள்ள வேண்டும். 103 கிலோவுக்குப் பதின்மூன்று கிலோ அளவு. 99 கிலோவுக்குப் பன்னிரண்டரை. நாலு கிலோ வித்தியாசம் கைக்கு வரும்போது அரைக்கிலோ ஆகிவிடுகிறது! ஃபுட்போர்டில் பத்துக்கிலோ அரிசிப் பையை வைத்தாலே அதைவிடக் கூடுதலாகிவிடும். ஜூன் மழையில் பாசி பிடித்த சிமெண்டில் கை வலு போதாமல் போவதில்லை, செருப்புதான் வழுக்கும்.

எடை நிஜமாகவே அடிப்பது வண்டி சாயும்போது. வண்டியின் பாரம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்திலும் ஹேண்டில் ஒரு மீட்டரிலும் இருப்பதாக எடுத்தால், 103 கிலோ வண்டி ஐந்து டிகிரி சாயும்போது ஹேண்டிலில் நாலரைக் கிலோ பிடித்தால் போதும். பதினைந்து டிகிரியில் அது பதின்மூன்று கிலோ. இருபத்தைந்துக்குப் போனால் இருபத்திரண்டு, அதற்கு மேல் விட்டுவிட வேண்டியதுதான். கால் சீக்கிரம் தரையைத் தொட்டால் வண்டி ஐந்து, ஆறு டிகிரியிலேயே நின்றுவிடும். எட்டாத கால் தரையைத் தேடுகிற நேரத்தில் சாய்வு ரெண்டு மடங்காகிவிடும். நாலு கிலோ லேசைவிட ரெண்டு சென்டிமீட்டர் தாழ்வு பெரிது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

தள்ளும்போது வண்டிக்கு இடப்பக்கம் நில்லுங்கள். இடக்கை ஹேண்டிலில், ரெண்டு விரல் பிரேக் லிவர் மேல். வலக்கை பின் கைப்பிடியில். வண்டி இடுப்பில் லேசாகச் சாய்ந்திருக்கட்டும், எதிர்ப்பக்கம் சாய்ந்தால் பிடிக்க ஆளில்லை. பாதை ரோட்டிலிருந்து கீழே இறங்குவதாக இருந்தால் முகப்பை முன்னால் விட்டு ஓட்டி இறங்காதீர்கள், காலையில் அந்தப் பதின்மூன்று கிலோவைப் பின்னுக்கு இழுத்து ஏற்ற வேண்டிவரும். மேலேயே திருப்பி, இஞ்சினை அணைத்து, பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்தபடி பின்னால் இறக்குங்கள். பாரத்தைப் பிரேக் தாங்கிக்கொள்ளும், காலையில் ஸ்டார்ட் செய்து நேரே ஏறிவிடலாம். இஞ்சினை ஓடவிட்டு ஆக்ஸிலேட்டரைத் திருகிக்கொண்டே கூட நடந்து ஏற்றுவது மட்டும் வேண்டாம். கால் வழுக்கினால் கை தானாக இன்னும் திருகும், வண்டி சுவரில்தான் போய் நிற்கும்.

புது வண்டி திடீரென்று கனக்கிறது என்றால் முதலில் காற்று, அடுத்தது பிரேக். இஞ்சினை அணைத்து, சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்சக்கரத்தைத் தட்டிச் சுற்றுங்கள். உரசல் சத்தத்தோடு உடனே நின்றால் டிரம் பிரேக் இறுக்கமாக வைத்திருக்கிறார்கள். சர்வீஸ் முடிந்து வந்த அன்று இது அடிக்கடி நடக்கும். நட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் தீர்ந்தது.

சீட்டை வெட்டித் தாழ்த்தலாமா? ரெண்டு சென்டிமீட்டர் வரை தையல் கடையில் செய்து தருவார்கள். மேலே செதுக்குவதைவிட மூக்கின் ரெண்டு ஓரத்தையும் செதுக்கச் சொல்லுங்கள், உட்காரும் இடம் மெத்தென்றே இருக்கும், காலும் இறங்கும். மேலே அதிகம் எடுத்தால் அடியிலிருக்கும் பிளாஸ்டிக் தட்டு குத்தும். புதுத் தையல் வழியாகத் தண்ணீர் இறங்கினால் பஞ்சு மழைக்காலம் முழுக்க ஈரம் குடித்தே கிடக்கும், அதனால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஷீட் போடச் சொல்லித் தையுங்கள். சின்ன ஷாக் மாட்டித் தாழ்த்தும் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள், வளைவில் சென்டர் ஸ்டாண்டு ரோட்டில் உரசும்.

ஜெஸ்டின் குறை பத்து அங்குலச் சக்கரம், முன்னும் பின்னும். ஃபசினோ, ஆக்டிவா ரெண்டுக்கும் முன்சக்கரம் பன்னிரண்டு, குழியில் அவை நிதானமாக இறங்கி ஏறும். தினமும் கொண்டை ஊசி வளைவுகளில் கம்பம் போய்வருகிறவர், 156, 157 செ.மீ. உயரம் உள்ளவர் என்றால் ஃபசினோவைத் தயங்காமல் எடுக்கலாம். 125 சிசி ஏற்றத்தில் மூச்சு வாங்காது.

ஐக்யூப் போன்ற எலெக்ட்ரிக் வண்டிகளில் ரிவர்ஸ் இருக்கிறது, பின்னால் தள்ளும் தொல்லையே இல்லை. ஆனால் எடை இவற்றைவிடக் கூடுதல், சாய்ந்தால் அது தெரியும். இந்த மழையிலும் ஏற்றத்திலும் வருடக்கணக்கில் ஓட்டிப் பார்த்த அனுபவம் எனக்கில்லாததால் அதற்கு வாக்குக் கொடுக்க மாட்டேன்.

பணம் கட்டுமுன் ஷோரூமுக்கு வெளியே, சாக்கடை மேல் போட்ட சரிவுப் பலகையில் வண்டியை நீங்களே பின்னால் ஏற்றிப் பாருங்கள், பிறகு நீங்களே சென்டர் ஸ்டாண்டில் போடுங்கள். ஸ்டாண்டின் ரெண்டு காலும் தரையைத் தொட்ட பிறகு லிவரில் உடம்பு எடையை ஏற்றினால் வண்டி தானாக ஏறணும், கை தூக்கக் கூடாது. சேல்ஸ் பையன் ஓடிவந்து பிடிக்க வருவான், தள்ளி நிற்கச் சொல்லுங்கள். வீட்டு முற்றத்தில் அவன் இருக்க மாட்டான்.