"14JUN 1220 hrs ngt" – இந்த ஒரு வரியை நம்பிப் போன 38,600 ரூபாய்

கோபம் இன்னும் அடங்கவில்லை. ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று விட்டால் இதே வலையில் இன்னொரு குடும்பம் விழும். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

தஞ்சாவூரில் இருக்கும் எங்கள் சித்தப்பாவும் சித்தியும் கோலாலம்பூரில் உள்ள மகளைப் பார்க்கக் கிளம்பினார்கள். சென்னையிலிருந்து போக வர இருவருக்கும் சேர்த்து 38,600 ரூபாய். டிக்கெட் எடுத்தது ஒரு பிரபலமான பயண முன்பதிவுச் செயலியில். பெயர் சொல்லப்போவதில்லை. தள்ளுபடி விளம்பரம் போட்டு விமானம், ஓட்டல், பஸ் எல்லாம் ஒரே இடத்தில் விற்கும் ரகம் என்று மட்டும் புரிந்துகொள்ளுங்கள். டிக்கெட்டில் இருந்தது ஜூன் 13, வெள்ளிக்கிழமை, இரவு 22:55 மணி விமானம். கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது சித்தப்பாவின் போனுக்கு அந்தச் செயலியிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. அப்படியே தருகிறேன்:

```
Dear Cust, MAA KUL resch. Nw dep 14JUN 1220 hrs ngt. Ignore if informd. Rgds
```

விமான எண் இல்லை. பி.என்.ஆர். இல்லை. பழைய நேரம் என்ன என்பதும் இல்லை. இருக்கிற ஒரே தகவலும் தனக்குத்தானே முரண்படுகிறது. "1220 hrs" என்பது 24 மணிக் கணக்கு. அதில் 1220 என்றால் பட்டப்பகல் 12.20. பக்கத்திலேயே "ngt" என்று இரவையும் போட்டிருக்கிறார்கள். நள்ளிரவு தாண்டி இருபது நிமிடம் என்றால் 0020 என்றுதான் எழுதியிருக்க வேண்டும்.

ஆக இந்த ஒரு வரிக்கு மூன்று பொருள் கொள்ளலாம். சனிக்கிழமை நண்பகல் 12.20 என்பது ஒன்று. வெள்ளிக்கிழமை ராத்திரி பன்னிரண்டு அடித்து, தேதி 14 ஆன பிறகு வரும் 12.20 இன்னொன்று. சனிக்கிழமை ராத்திரி படுக்கிற நேரத்துக்கு அப்புறம் வரும் 12.20 மூன்றாவது. இந்த மூன்றாவது உண்மையில் 15ஆம் தேதி. ஆனால் நம் வீடுகளில் "14ஆம் தேதி ராத்திரி 12.20" என்றால் பெரும்பாலானவர்கள் இதைத்தான் நினைப்பார்கள். சித்தப்பாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். பயணம் ஒரு நாள் தள்ளிப்போய்விட்டது என்று மகளுக்குச் சொன்னார், டாக்சியையும் சனிக்கிழமைக்கு மாற்றினார். உண்மையில் விமானம் தள்ளிப்போனது ஒரு மணி 25 நிமிடம்தான். அவர் நினைத்ததோ 25 மணி 25 நிமிடம்.

அவர் விசாரிக்காமல் விடவில்லை. அதுதான் வயிறு எரிகிறது. செயலியின் உதவி எண்ணுக்கு அன்றே கூப்பிட்டார். "14ஆம் தேதி நைட் 12.20 தானே தம்பி?" என்று கேட்டார். "ஆமா சார், 14ஆம் தேதி நைட் 12.20. மூணு மணி நேரம் முன்னாடி ஏர்போர்ட் போயிடுங்க சார்" என்று பதில் வந்தது. மரியாதையான குரல், தெளிவான தமிழ். அதோடு நம்பிவிட்டார். அந்தத் தம்பி விமான நிறுவனத்தின் பதிவைத் திறந்து பார்க்கவில்லை. அதே எஸ்.எம்.எஸ்.ஸைத் தன் திரையில் பார்த்து அதே வார்த்தைகளைத் திருப்பிச் சொன்னார், அவ்வளவுதான். குழப்பமான செய்தியை அதை அனுப்பியவர்களிடமே, அதே வார்த்தையில் கேட்டால் அதே குழப்பம்தான் திரும்பி வரும். கேட்டவருக்கோ உறுதி செய்துவிட்ட நிம்மதி வந்துவிடுகிறது.

இன்னொரு பொறியும் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் இவர்கள் டாக்சியில் வரும்போது, கோலாலம்பூரில் இருந்த மகள் இணையத்தில் விமான எண்ணைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். 00:20 மணி, "On Time" என்று காட்டியிருக்கிறது. தினமும் பறக்கும் விமானத்துக்குத் தினமும் ஒரே எண்தான். அன்று காட்டியது அன்றைக்கு ராத்திரி போகும் விமானத்தின் நிலவரம். இவர்கள் பெயர் இருந்த விமானம் முந்தின ராத்திரியே போய்விட்டது. விமான நிலவரப் பக்கம் விமானத்தைப் பற்றித்தான் சொல்லும், உங்கள் டிக்கெட் எந்தத் தேதிக்கு என்பதைச் சொல்லாது.

இரவு ஒன்பது மணிக்கு வாசலில் நின்ற பாதுகாப்புக் காவலர் டிக்கெட்டைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், மறுபடி டிக்கெட்டைப் பார்த்தார். தேதியின் மேல் கட்டைவிரலை வைத்து, இது நேற்றைய விமானம், உள்ளே விட முடியாது என்றார். சித்தி கையில் பேத்திக்குத் தைத்த சட்டைகள் இருந்த பை.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. செயலியின் சாட்டில் "நோ-ஷோ, ரீஃபண்ட் இல்லை" என்று, அதாவது விமானத்துக்கு வரவில்லை, பணம் திரும்பாது என்று, தானியங்கிப் பதில். போனில் வந்தவர், "ஏர்லைன்ஸ்தான் நேரத்தை மாத்தினாங்க, அவங்களைக் கேளுங்க" என்றார். விமான நிறுவனத்தில் கேட்டால், "ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட், அவங்ககிட்டயே கேளுங்க. புக்கிங்கில் இருந்த மின்னஞ்சலுக்கு முழு விவரம் அனுப்பியிருக்கிறோம்" என்றார்கள். எந்த மின்னஞ்சல் என்று பார்த்தால் அது சித்தப்பாவுடையது இல்லை. செயலி தன்னுடைய முகவரியையே போட்டிருக்கிறது. விமான எண், பழைய நேரம், புது நேரம், இறங்கும் நேரம் எல்லாம் ஒழுங்காக இருந்த கடிதம் செயலியின் பெட்டியில் கிடக்க, அதைச் சுருக்கிச் சிதைத்து ஒரு வரி மட்டும் பயணிக்கு வந்திருக்கிறது. செயலியிடம் போன் பேச்சின் பதிவைக் கேட்டோம். பயிற்சிக்கு மட்டும்தான், வெளியே தர மாட்டோம் என்றார்கள். கடைசியாக வந்த பதில்தான் உச்சம்: "நாங்கள் அனுப்பிய செய்தியில் தேதி சரியாகவே உள்ளது."

திரும்பி வரும் டிக்கெட்டாவது மிஞ்சுமா என்று கேட்டதற்கு அதுவும் இல்லை என்றார்கள். போக வர ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால், முதல் பயணத்துக்கு வராமல் போனதும் மீதியையும் ரத்து செய்வது பெரும்பாலான நிறுவனங்களின் வழக்கம். விமானம் கிளம்புவதற்கு முன்பே சொல்லியிருந்தால் கட்டணம் கட்டித் தேதியை மாற்றியிருக்கலாம். கிளம்பிய பிறகு ஒன்றும் ஓடாது. ஆக 38,600 ரூபாய் முழுதும் போயிற்று. புது டிக்கெட் எடுத்த செலவு இதில் சேரவில்லை.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஐந்து நிமிடம் போதும். ஈ-டிக்கெட் பி.டி.எஃப்.பைத் திறந்து ஆறு எழுத்து பி.என்.ஆரை எடுங்கள். எழுத்து மட்டும் இருக்கலாம், எண்ணும் கலந்திருக்கலாம். செயலி தரும் நீளமான புக்கிங் ஐ.டி. வேறு, விமான நிறுவனத்திடம் அது செல்லாது. பிறகு விமான நிறுவனத்தின் தளத்துக்கே போய் "Manage Booking" பகுதியில் பி.என்.ஆரையும் கடைசிப் பெயரையும் கொடுங்கள். நம் ஊர்ப் பெயர்களில் இங்கேதான் பலர் மாட்டிக்கொண்டு, தளம் வேலை செய்யவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். டிக்கெட்டில் பெயருக்கு நடுவே சாய்கோடு இருந்தால் அதற்கு முன்னால் இருப்பதுதான் கடைசிப் பெயர். அது உங்கள் அப்பா பெயராக இருக்கலாம், இனிஷியலாகவும் இருக்கலாம். இருப்பதை அப்படியே தட்டுங்கள்.

உள்ளே போனதும் கிளம்பும் நேரத்தோடு நிறுத்தாமல் இறங்கும் தேதியையும் பாருங்கள். சென்னையில் 00:20க்குக் கிளம்பினால் சுமார் நான்கு மணி நேரப் பயணம், மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். ஆகவே காலை ஏழு மணி வாக்கில் இறங்கும். "14ஆம் தேதி, சனிக்கிழமை காலை இறங்குகிறது" என்று அந்தப் பக்கத்தில் பார்த்திருந்தால், சனிக்கிழமை ராத்திரி கிளம்பலாம் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. அதே பக்கத்தில் உங்கள் சொந்த போன் எண்ணையும் மின்னஞ்சலையும் சேர்த்துவிடுங்கள். அடுத்த மாற்றம் நேராக உங்களுக்கே வரும்.

போனில்தான் கேட்க வேண்டுமென்றால் விமான நிறுவனத்திடம் கேளுங்கள். நீங்கள் புரிந்துகொண்டதைச் சொல்லி "சரிதானே?" என்று கேட்காதீர்கள். "எந்தக் கிழமை சாயங்காலம் நான் வீட்டைவிட்டுக் கிளம்பணும்? எந்தக் கிழமை காலையில் அங்கே இறங்குவேன்?" என்று கேட்டு, அவர்களைப் பதிவைப் பார்த்து வாசிக்கச் சொல்லுங்கள். கிழமையைச் சொல்ல வேண்டுமென்றால் எதிரில் இருப்பவர் நாட்காட்டியைப் பார்த்தே ஆகவேண்டும்.

மீதியை அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். நள்ளிரவு 12 முதல் 3 வரை கிளம்பும் எதுவாக இருந்தாலும், ரயிலோ ஆம்னி பஸ்ஸோ, இதே ஆபத்து உண்டு. டிக்கெட்டில் உள்ள தேதிக்கு முந்தின நாள் சாயங்காலமே கிளம்ப வேண்டும். ரயில் என்றால் 139இல் பத்து இலக்க பி.என்.ஆரைச் சொல்லிக் கேளுங்கள்.

நோ-ஷோ ஆனாலும் அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தரவேண்டும் என்பது நம் நாட்டு விமான நிறுவனங்களுக்கு விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதி. கேட்காமல் தர மாட்டார்கள், எழுதிக் கேளுங்கள். விமானப் பயணிகளுக்கான அரசின் ஏர்சேவா தளத்திலும் நுகர்வோர் உதவி எண் 1915இலும் புகார் பதியலாம். எஸ்.எம்.எஸ்.ஸை அழிக்காதீர்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. சமூக வலைத்தளத்தில் செயலியைக் குறிப்பிட்டுப் புகார் போட்ட பிறகு சித்தப்பாவுக்கு இன்னொரு அரைகுறைச் செய்தி வந்தது: "Ur refnd 38600 apprvd", கீழே ஒரு லிங்க். தொகை அச்சு அசலாகச் சரி, ஏனென்றால் புகாரிலேயே எழுதியிருந்தோம். இப்படிப்பட்ட புகார்களைத் தேடிப் பிடித்து வருவதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. பணம் வாங்க யு.பி.ஐ. பின் எண் தேவையே இல்லை, அது கேட்டாலே மோசடி. லிங்க்கைத் தட்டித் தொலைத்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். பொதுவெளியில் புகார் போடும்போது தொகையையும் பி.என்.ஆரையும் போன் எண்ணையும் போடாதீர்கள். இங்கே நான் தொகையைச் சொன்னது அந்தப் புகாரை நீக்கிய பிறகுதான்.