தாலி கட்டியாச்சு, ரெஜிஸ்டர் பண்ணலை: பிள்ளையின் பிறப்பைப் பதிய மூன்று வழிகள்

பினாங்கில் பிள்ளை பிறந்தால் பிறப்பைப் பதிய எங்கே போக வேண்டும் என்பதில் பெரிய குழப்பம் கிடையாது. ஜார்ஜ்டவுன் ஜாலான் ஆன்சனில் இருக்கும் கூட்டரசு அரசாங்கக் கட்டடத்து ஜேபிஎன்னுக்குப் போகலாம், தீபகற்பத்தின் வேறு ஜேபிஎன் அலுவலகத்துக்கும் போகலாம். பிறந்த 60 நாளுக்குள் போய்விட வேண்டும். தாய் தகப்பனின் ஐசி, கல்யாணச் சான்றிதழ், மருத்துவமனை நிரப்பித் தரும் பிறப்பு உறுதிப் படிவம் இவையெல்லாம் கையில் இருந்தால் வேலை சுலபமாக முடிந்துவிடும். பிள்ளைக்கு மைகிட்டும் அதே பதிவோடு வந்துவிடும்.

சிக்கல் வருவது அந்தக் கல்யாணச் சான்றிதழில்தான். நம்மில் பலருக்குக் கோயிலில் தாலி கட்டி, விருந்து வைத்து, ஆல்பம்கூட வந்திருக்கும். பதிவுத் திருமணம் மட்டும் 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிப் போயிருக்கும். 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கும் 1976 திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம், முஸ்லிம் அல்லாதவர்களின் கல்யாணம் அந்தச் சட்டம் சொல்லும் முறையில்தான் நடக்க வேண்டும் என்கிறது. பதிவதிகாரியாக நியமிக்கப்பட்ட குருக்கள் நடத்தி வைத்தால் கோயில் கல்யாணமே பதிவுத் திருமணமாகிவிடும். அப்படி நடக்காதபோது, பிறப்புப் பதிவுக் கவுண்டரில் இருக்கும் அதிகாரிக்கு அது கல்யாணமே கிடையாது. தாலியைக் காட்டினாலும் பத்திரிகையைக் காட்டினாலும் அவர் கேட்பது சான்றிதழைத்தான்.

(தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு நிக்காஹ் பதிவும் பிள்ளையின் தகப்பன் பெயர் விதிகளும் முற்றிலும் வேறு. இங்கே சொல்வது முஸ்லிம் அல்லாதவர்களுக்கு மட்டும்.)

இந்த நிலையில் இருக்கும் தம்பதிக்கு மூன்று வழிகள் உண்டு. தாய் மட்டும் போய்த் தகப்பன் பெயர் இல்லாமல் பதிவது ஒன்று. இருவரும் சேர்ந்து போய் 13-ஆம் பிரிவின் கீழ் தகப்பன் பெயரைச் சேர்ப்பது இரண்டாவது. முதலில் கல்யாணத்தைப் பதிந்துவிட்டு அப்புறம் பிறப்பைப் பதிவது மூன்றாவது. இந்த மூன்றில் எது நல்லது என்பது தாய் மலேசியக் குடிமகளா இல்லையா என்பதைப் பொறுத்துத் தலைகீழாக மாறும். அதனால் இரண்டு நிலைமைகளையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

இருவரும் மலேசியர் என்றால்

இங்கே குடியுரிமைக்குப் பயமில்லை. பிள்ளை மலேசியாவில் பிறந்து தாய் குடிமகளாக இருந்தால், கல்யாணம் பதிவானாலும் ஆகாவிட்டாலும் பிள்ளை குடிமகன்தான். மீதி இருக்கும் கேள்வி தகப்பனுக்கும் பிள்ளைக்கும் உள்ள உறவைத் தாளில் எப்படிக் கொண்டுவருவது என்பது.

தாய் மட்டும் போனால் தகப்பன் விவரம் வரும் இடத்தில் 'மக்லுமாட் திடாக் டிப்பெரோலேஹி' என்று அச்சாகி வரும். தகப்பன் யாரென்று தெருவுக்கே தெரிந்திருந்தாலும் தாளில் அப்படித்தான் இருக்கும். தகப்பனின் ஐசி நகலைக் கையில் கொடுத்தனுப்பினால் போதும் என்று நினைத்து, வேலைக்கு லீவு போடாமல் மனைவியையும் மாமியாரையும் மட்டும் அனுப்பிவிடுகிற ஆண்கள் நிறைய. அது செல்லாது. 1957 பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, இருவரும் சேர்ந்து கேட்டுக் கையெழுத்துப் போட்டால்தான் தகப்பன் பெயரைச் சேர்க்கும். தகப்பனே நேரில் போக வேண்டும்.

இருவரும் போய் 13-ஆம் பிரிவில் பதிந்தால் தகப்பன் பெயர் வந்துவிடும். பிள்ளையின் பெயருக்குப் பின்னால் அவர் பெயரையும் வைக்கலாம். குறிப்புப் பகுதியில் 'பெர்மோஹோனான் செக்சியன் 13' என்று ஒரு வரியும் வரும். இந்த வரியைப் பார்த்து மனம் நொந்து போகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் நோக வேண்டியது அந்த வரிக்காக இல்லை. 13-ஆம் பிரிவு தருவது பெயரைத்தான், சட்டப்படி பிறந்த பிள்ளை என்ற தகுதியை அது தருவதில்லை. இதைத் தெரியாமல் 'தகப்பன் பெயர் ஏறிடுச்சு, எல்லாம் முடிஞ்சுது' என்று இருந்துவிடுவதுதான் ஆபத்து.

அது எங்கே கடிக்கும் என்றால், தகப்பன் உயில் எழுதாமல் இறந்து போகும்போது. 1958 சொத்துப் பகிர்வுச் சட்டத்தில் 'பிள்ளை' என்றால் சட்டப்படி பிறந்த பிள்ளை என்று பொருள் விளக்கமே கொடுத்திருக்கிறது. பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் பளிச்சென்று இருந்தும் வீட்டில் பங்கு கிடைக்காமல் போகலாம். பதிவாகாத மனைவிக்கும் அதே கதிதான்.

அதனால்தான் மூன்றாவது வழிக்கு மதிப்பு. 1961 சட்டத்தகுதிச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி, தாயும் தகப்பனும் பிறகு கல்யாணம் செய்துகொண்டால், தகப்பனின் நிரந்தர இருப்பிடம் மலேசியாவாக இருக்கும்பட்சத்தில், அந்தக் கல்யாணத் தேதியிலிருந்து பிள்ளைக்குச் சட்டத்தகுதி வந்துவிடும். பின்தேதியிட்டுப் பிறந்த நாளுக்குப் போகாது, கல்யாணத் தேதியிலிருந்துதான். இருவரும் மலேசியராக இருக்கும் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் பெரிதாக உறுத்தாது.

60 நாளுக்குள் இது நடக்குமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பட்டர்வொர்த் தம்பதி, பிள்ளை மார்ச் 3-இல் பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60 நாள் மே 2-இல் முடிகிறது. தாய்க்கு உடம்பு தேறி, மார்ச் 20-இல் இருவரும் ஜேபிஎன் போய்க் கல்யாண விண்ணப்பம் கொடுக்கிறார்கள். அறிவிப்பு 21 நாள் பலகையில் இருக்க வேண்டும், அது ஏப்ரல் 10 வாக்கில் முடியும். அந்த வாரமோ அடுத்த வாரமோ இரண்டு சாட்சிகளோடு போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறப்பைப் பதிய இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் மிச்சம் இருக்கும். நடக்கக்கூடிய கணக்குதான். ஆனால் மார்ச் 20-க்குப் பதில் ஏப்ரல் 15-இல் விண்ணப்பித்தால் அறிவிப்புக் காலமே மே மாதத்தில்தான் முடியும், பிறப்புக் கெடு தாண்டிவிடும். மணப்பெண்ணோ மாப்பிள்ளையோ 21 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். கோபித்துக்கொண்டு போன அப்பாவிடம் அதை வாங்குவதற்கே ஒரு மாதம் ஆகலாம்.

ஆகவே நாள் இருந்தால் கல்யாணத்தை முதலில் முடியுங்கள். நாள் இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம், 60 நாளுக்குள் 13-ஆம் பிரிவில் பிறப்பைப் பதிந்துவிட்டுக் கல்யாணப் பதிவை அதன் பின்னால் ஓட்டுங்கள். கெடு தாண்டினால் அது பிந்திய பதிவாகிவிடும். கட்டணம், விளக்கக் கடிதம், கூடுதல் ஆதாரம், விசாரணை எல்லாம் சேர்ந்துகொள்ளும். கல்யாணம் பிறகு பதிவானதும் கையில் இருக்கும் பிறப்புப் பத்திரம் தானாக மாறாது. கல்யாணச் சான்றிதழைக் கொண்டுபோய் ஜேபிஎன்னில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

தாய் வெளிநாட்டவர் என்றால்

இங்கே கணக்கே வேறு. தமிழ்நாட்டிலிருந்தோ மேடானிலிருந்தோ வந்த பெண்ணைக் கோயிலில் கட்டிக்கொண்ட மலேசியத் தகப்பனை எடுத்துக்கொள்ளுங்கள். அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை, மூன்றாம் பகுதி, 17-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: சட்டப்படியான கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையின் குடியுரிமைக்குத் தகப்பனைப் பார்க்க மாட்டார்கள், தாயைத்தான் பார்ப்பார்கள். தாய் குடிமகள் இல்லையென்றால் பிள்ளைக்குத் தகப்பன்வழிக் குடியுரிமை கிடையாது.

13-ஆம் பிரிவில் தகப்பன் பெயரைச் சேர்த்தாலும் இது மாறாது. பத்திரத்தில் தகப்பன் பெயர் இருக்கும், அவருடைய குடியுரிமை மலேசியா என்று இருக்கும், ஆனால் பிள்ளையின் 'தாராஃப் கெவார்கனெகாராஆன்' வரியில் 'புக்கான் வார்கனெகாரா' என்று வந்திருக்கும். தகப்பன் பெயரைப் பார்த்த சந்தோஷத்தில் அந்த ஒரு வரியைப் படிக்காமல் பத்திரத்தைப் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். பள்ளியில் சேர்க்கும்போதோ, 12 வயதில் மைகாட் எடுக்கப் போகும்போதோதான் தெரிய வரும்.

சரி, பிள்ளை பிறந்த பிறகு கல்யாணத்தைப் பதிந்தால்? மேலே சொன்ன 1961 சட்டம் காப்பாற்றாதா? இதே வகைக் கேள்விதான் 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போனது. மலேசியத் தகப்பனுக்கும் பிலிப்பீன்ஸ் தாய்க்கும் பிலிப்பீன்சில் பிறந்த பிள்ளை அது. பெற்றோர் பிறகு கல்யாணம் செய்துகொண்டார்கள். 4-க்கு 3 என்ற பெரும்பான்மையில், அந்தப் பிள்ளைக்குத் தகப்பன்வழிக் குடியுரிமை இல்லை என்று தீர்ப்பானது. அந்த வழக்கு வெளிநாட்டில் பிறந்த பிள்ளையைப் பற்றியது என்றாலும், பிறந்த நேரத்துத் தகுதிதான் கணக்கு என்ற நிலைப்பாடு இங்கே பிறந்த பிள்ளையையும் இடிக்கும்.

ஆக வெளிநாட்டுத் தாய்க்கு, மூன்று வழிகளில் கல்யாணத்தை முதலில் பதிவது ஒன்றுதான் உண்மையில் வழி. அதையும் பிரசவத்துக்கு முன்பே முடிக்க வேண்டும். இருவரும் மலேசியராக இருந்தால் பிறந்த பிறகும் ஓடிப் பிடிக்கலாம் என்றேனே, அது இங்கே உதவாது. கர்ப்பம் உறுதியான மாதமே தொடங்கினால்தான் நிம்மதி. 21 நாள் அறிவிப்பு இங்கே சின்ன விஷயம். கடவுச்சீட்டு, செல்லுபடியாகும் விசா, தூதரகத்திடமிருந்து மணமாகாதவர் என்ற கடிதம், இவற்றைச் சேர்ப்பதற்குத்தான் காலம் போகும். விசா முடிந்து தங்கியிருப்பவர் என்றால் முதலில் குடிநுழைவுத் துறை விவகாரத்தைத் தீர்க்க வேண்டும்.

கல்யாணம் பதிவாகும் முன்பே பிள்ளை பிறந்துவிட்டது என்றால், பிறப்பைப் பதியாமல் ஒளித்து வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான முடிவு. 13-ஆம் பிரிவில் தகப்பன் பெயரோடு 60 நாளுக்குள் பதிந்துவிட்டு, அரசியலமைப்பின் 15ஏ பிரிவில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். வயது வரம்புக்குக் கீழ் உள்ளவரைச் சிறப்புச் சூழ்நிலையில் குடிமகனாகப் பதிய அரசாங்கத்துக்கு அதிகாரம் தரும் பிரிவு அது. உரிமையாகக் கேட்டு வாங்க முடியாது, அரசாங்கம் பார்த்துக் கொடுத்தால்தான் உண்டு. வருடக்கணக்கில் இழுக்கலாம். அந்த விண்ணப்பத்துக்கும் ஒழுங்காகப் பதிந்த பிறப்புப் பத்திரம்தான் அடிப்படை.

எந்த வழியில் போனாலும், கவுண்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன் விவரங்களை வரிவரியாகப் படியுங்கள். பிள்ளை பெயரின் எழுத்துக்கூட்டு, ஏ/எல், ஏ/பி விழுந்திருக்கும் இடம், தாய் தகப்பனின் ஐசி எண், குறிப்புப் பகுதி, பிறகு அந்தக் குடியுரிமை வரி. அங்கேயே சொன்னால் அதிகாரி திருத்திவிடுவார். வீட்டுக்கு வந்து கண்டுபிடித்தால் திருத்த விண்ணப்பம், ஆதாரம், இன்னொரு நாள் லீவு.