சுடாத மண்ணை டெரகோட்டா என்று விற்கிறார்கள், வாங்கும் முன் பாருங்கள்

ஆன்லைனில் வாங்கிய ஒரு பதக்கமும் ஜிமிக்கியும். மூன்றே முறை போட்டதில் பதக்கத்தின் மேல் ஓட்டை வியர்வையில் குழைந்து அகன்று, வளையம் கையோடு வந்துவிட்டது. விற்றவரிடம் கேட்டால், "டெரகோட்டாவுக்குத் தண்ணி ஆகாதுங்க, நீங்கதான் பத்திரமா வெச்சிருக்கணும்" என்று பதில். பணம் திரும்பவில்லை.

இந்தப் பதிலில்தான் ஏமாற்று இருக்கிறது. தண்ணீர் பட்டால் மேலே அடித்த அக்ரிலிக் பெயின்ட் உரியலாம், வார்னிஷ் மங்கலாம். ஆனால் சுட்ட மண் கரையாது. களிமண்ணுக்குள் பிணைந்திருக்கும் நீர் சுமார் 500, 600 டிகிரியில்தான் வெளியேறும். அதற்குப் பிறகு அது திரும்பக் களிமண் ஆகாது. வீட்டு அவன் 250 டிகிரியோடு நின்றுவிடும். அதில் எத்தனை மணி நேரம் வைத்தாலும் மண் காயுமே தவிர வேகாது.

உடைந்த துண்டை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டதும் விஷயம் தெரிந்துவிட்டது. முதலில் குமிழி வந்தது. அதை வைத்து முடிவு செய்யக் கூடாது, நன்றாகச் சுட்ட துண்டிலும் நுண்துளைக் காற்று குமிழியாகத்தான் வரும். பிறகு ஓரங்கள் செதில் செதிலாகக் கழன்றன. பத்து நிமிடத்தில் அடியில் சேறு, மேலே பெயின்ட் தோல் மட்டும் தனியாக மிதந்தது.

ஏன் சுடாமல் விற்கிறார்கள்? சரியாகக் காயாத உருப்படி சூட்டில் வெடிக்கும், உமியும் வறட்டியும் அடுக்கிச் சுட்டால் ஒரு நாள் போய்விடும், சூடு திடீரென ஏறினால் விரிசல் விழும். பெயின்ட் அடித்துவிட்டால் சுட்டதும் சுடாததும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

சந்தையில் வாங்கும்போது பெயின்ட் படாத இடத்தைத் தேடுங்கள். ஓட்டையின் உள்பக்கம், ஜிமிக்கியின் குழிவு, பதக்கத்தின் பின்புறம். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு ஈர விரலால் அங்கே தேய்த்துப் பாருங்கள். சுட்டது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், விரல் சுத்தமாக இருக்கும். சுடாதது விரலில் வழவழவென்று மண்ணாக ஒட்டும். வளையத்தையும் கவனியுங்கள். பசை எதுவும் இல்லாமல் மண்ணிலேயே புதைந்த கம்பி தங்க முலாமில் பளபளத்தால் சந்தேகப்படுங்கள், அந்த முலாம் நெருப்பில் தாங்காது. சுட்ட பிறகு பசை வைத்து ஒட்டியிருந்தால் அது வேறு கதை.

ஆன்லைனில் விரலால் தேய்க்க முடியாது. அதே டிசைனைச் சுட்டெடுத்து, பெயின்ட் அடிக்கும் முன் எடுத்த படம் கேளுங்கள். பெரும்பாலும் செங்காவி நிறத்தில் இருக்கும், புகை மூட்டிச் சுட்டிருந்தால் கறுப்பாக இருக்கும். எத்தனை மணி நேரம், எதில் சுட்டீர்கள் என்றும் கேளுங்கள். "நல்லா வெயில்ல காய வெச்சோம்" என்று வந்தால் ஆர்டர் போட வேண்டாம்.