எச்ஆருக்கா, பிரிவுத் தலைவருக்கா? அறிவிப்பே இல்லாத கம்பெனிக்கு இன்டர்ன்ஷிப் மெயில்

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நடுத்தரக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எட்டாவது செமஸ்டர் நெருங்கினால் இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவர்களின் மெயில்கள் வரத் தொடங்கும். இன்டர்ன் தேவை என்று நாங்கள் எங்கும் அறிவித்ததில்லை. ஆனாலும் ஒன்றிரண்டு பேரை எடுக்கிறோம். மெயில் யாருக்கு வந்தது, அதில் என்ன இருந்தது என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அது முடிவாகிறது.

பலரும் எழுதுவது hr@ என்று தொடங்கும் முகவரிக்கு. "தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் வாய்ப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி, கூடவே `resume_final_new2.pdf`. எந்தப் பிரிவு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, உதவித்தொகை எதிர்பார்க்கிறாரா, எதுவும் இருக்காது. எச்ஆரில் இருப்பவர் முதலில் காலியிடம் இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்காது. அந்த மாணவருக்காக அவரே ஒவ்வொரு பிரிவாகப் போய்க் கேட்க வேண்டும். சம்பளக் கணக்கு, பிஎஃப், ஒப்பந்தத் தொழிலாளர் வருகைப் பதிவு என்று கிடக்கும் வேலைக்கு நடுவே அதை யார் செய்வார்?

இங்கேதான் மாணவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். நடுத்தரக் கம்பெனியில் இன்டர்ன்ஷிப்புக்குக் காலியிடம் தேவையில்லை. ஒரு எஞ்சினியர் தினமும் அரை மணி நேரம் ஒதுக்கச் சம்மதித்தால் போதும். அந்த அரை மணி நேரம் எச்ஆர் கையில் இல்லை, பிரிவின் தலைவர் கையில் இருக்கிறது.

அவருக்கு நேராக எழுதும் மெயில் எப்படி இருக்கலாம்? ஒரு மாதிரி மாணவரை வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில்தான் எழுதுவார், பொருளைத் தமிழில் தருகிறேன். தலைப்பு: "இன்டர்ன்ஷிப் கோரிக்கை, மெக்கானிக்கல் இறுதியாண்டு, ஜனவரி 6 முதல் 6 வாரம், வார்ப்புக் குறைபாடுகள்". உள்ளே: "மினி ப்ராஜெக்டுக்காக ஒரு சிறு ஃபவுண்டரியில் கழிக்கப்பட்ட 120 வார்ப்புகளைக் குறைபாடு வாரியாகப் பிரித்தோம். ப்ளோஹோல்தான் அதிகம். மணலின் ஈரப்பதத்தை அன்றாடம் குறித்து வைக்காததால் காரணத்தை உறுதிசெய்ய முடியவில்லை. உங்கள் இம்பெல்லர் வார்ப்புகளின் ரிஜெக்‌ஷன் பதிவை ஷிஃப்ட் வாரியாகத் தொகுத்துத் தர விரும்புகிறேன். அந்தத் தகவலை வெளியாளுக்குத் தர இயலாதென்றால் இன்ஸ்பெக்‌ஷனில் வேறு எந்த வேலையும் சரி. கல்லூரியின் அனுமதிக் கடிதம் இணைத்துள்ளேன். சேஃப்டி ஷூ என்னிடம் உள்ளது. உதவித்தொகை கட்டாயமில்லை."

இதில் எனக்குப் பிடித்தது, முடியாமல் போனதையும் சொன்ன வரி. ப்ளோஹோல் என்று எண்ணியதோடு நிற்காமல், எதை அளக்கவில்லை என்று தெரிந்திருக்கிறது. "உங்கள் ரிஜெக்‌ஷனை 20 சதவீதம் குறைப்பேன்" என்று எழுதியிருந்தால் அங்கேயே மூடியிருப்பேன். எங்கள் மணலையும் உலையையும் பார்க்காதவர் அதைச் சொல்ல முடியாது.

இன்னொரு வசதி, இதை அப்படியே ஃபார்வர்டு செய்யலாம். "எனக்குச் சம்மதம், நுழைவு அனுமதிக்கு ஏற்பாடு செய்யுங்கள்" என்று மேலே ஒரு வரி போட்டு எச்ஆருக்கு அனுப்பினால் அவருக்கு வேண்டிய தேதி, கல்லூரி, கடிதம் எல்லாம் கீழேயே இருக்கும். உதவித்தொகை பற்றி ஒன்றும் சொல்லாத மெயில் இந்த இடத்தில்தான் மாட்டும். எச்ஆர் என்னைக் கேட்பார், நான் மாணவரைக் கேட்க வேண்டும், அப்புறம் அது மறந்துபோகும்.

ஆனால் எல்லா இடத்திலும் இது செல்லாது. பெரிய கார் கம்பெனியிலோ மென்பொருள் நிறுவனத்திலோ இன்டர்ன் எடுப்பதற்குத் தனி நடைமுறை இருக்கும், பிரிவுத் தலைவர் விரும்பினாலும் அதைத் தாண்ட முடியாது. அங்கே எச்ஆர் வழியே சரி. பொதுத்துறை நிறுவனமென்றால் பெரும்பாலும் கல்லூரியின் கடிதமும் கேட்பார்கள். சில நூறு பேர் வேலை செய்யும் கம்பெனிக்கு மட்டும் நான் தயங்காமல் பிரிவுத் தலைவரைச் சொல்வேன்.

முகவரி கிடைப்பதுதான் கடினம். கோவை கொடிசியா வளாகத்தில் நடக்கும் இன்டெக் தொழிற்கண்காட்சியில் ஸ்டாலில் நிற்கும் எஞ்சினியரிடம் விசிட்டிங் கார்டு வாங்கலாம், அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்க்கும் சீனியரைக் கேட்கலாம். இரண்டும் இல்லையென்றால் hr@ முகவரிக்கே இதே மெயிலை "தரக் கட்டுப்பாட்டுத் தலைவரின் கவனத்துக்கு" என்று எழுதி அனுப்பலாம். யாரிடம் தள்ளிவிடுவது என்று எச்ஆருக்குத் தெரிந்துவிடும்.

இருவரையும் ஒரே மெயிலில் சேர்க்க வேண்டாம். எச்ஆர் பார்ப்பார் என்று நான் இருப்பேன், நான் பார்ப்பேன் என்று அவர் இருப்பார். எனக்கு எழுதி ஒரு வாரம் பதில் இல்லையென்றால் அதே மெயிலுக்குக் கீழே இரண்டு வரியில் ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால், எனக்கு எழுதியதைக் குறிப்பிட்டு எச்ஆருக்கு அனுப்பலாம். அப்படி வந்த ஒன்றை எங்கள் எச்ஆர் என் மேசைக்கே கொண்டுவந்து, "சார், இந்தப் பையன் உங்களுக்கு எழுதினானாமே?" என்று கேட்டிருக்கிறார். ஷிஃப்ட் நெருக்கடியில் நான் திறக்காமல் விட்ட மெயில் அது. அந்த வருடம் அவனைத்தான் எடுத்தோம்.