லாரி வாடகைக்கு ரிவர்ஸ் சார்ஜ்: 2017 முதல் கணக்கு எழுதி வரும் அனுபவம்

கோவையில் பம்ப்செட் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு பார்ட்னர்ஷிப் நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து சேவை தருபவருக்குப் பதில் பெறுகிறவரே வரி கட்டும் ரிவர்ஸ் சார்ஜ் பில்களோடு மாதந்தோறும் பழகி வருகிறேன். வக்கீல் ஃபீஸ், செக்யூரிட்டி சேவை என்று இந்த முறையில் வருபவை பல உண்டு. ஆனால் எங்களைப் போன்ற இடங்களில் நாள்தோறும் மேசைக்கு வருவது லாரி வாடகைதான். அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

டிரான்ஸ்போர்ட்காரர் வரி சேர்க்காமல் வாடகையை மட்டும் பில் போடுவார். 5 சதவீத வரியை நாம் அரசுக்குக் கட்டி, கட்டியதையே விற்பனை வரியில் கழித்துக்கொள்ளும் இன்புட்டாக எடுத்துக்கொள்வோம். இந்த வகைச் சேவை மட்டும் செய்யும் டிரான்ஸ்போர்ட்காரர் பதிவு எடுக்க வேண்டியதில்லை என்பதால், சின்ன ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி. வேலை முழுக்க நம் பக்கம் வந்துவிடுகிறது.

முதலில் பார்க்க வேண்டியது லாரி ரசீதான எல்.ஆர். இருக்கிறதா என்பது. சரக்கைப் பொறுப்பேற்று எல்.ஆர். போட்டுக் கொடுப்பவர்தான் சட்டப்படி சரக்குப் போக்குவரத்து ஏஜென்சி. சிட்கோவிலிருந்து பவுண்டரிக்கு டெம்போ ஓட்டி வந்து, துண்டுச் சீட்டில் வாடகை வாங்கிப் போகிறவர் அந்த வகையில் வர மாட்டார். அவருடைய வாடகைக்கு வரியே கிடையாது. 'வண்டி வாடகை' என்று ஒரே லெட்ஜரில் எல்லாவற்றையும் எழுதி, வருடக் கடைசியில் மொத்தத்துக்கும் 5 சதவீதம் போடுகிற பழக்கத்தைப் பல கம்பெனிகளில் பார்த்திருக்கிறேன். எல்.ஆர். உள்ளவை, இல்லாதவை என்று இரண்டு லெட்ஜர் வைத்தால் இந்தக் குழப்பம் வராது. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

அடுத்தது, வாடகையைக் கொடுக்கும் பொறுப்பு யாருடையது என்பது. எல்.ஆரில் 'டூ பே' என்றிருந்தால் சரக்கைப் பெறுகிறவர் வரி கட்ட வேண்டும்; 'பெய்டு' என்றால் அனுப்பியவர். நாங்கள் ராஜ்கோட்டுக்கு 'பெய்டு' போட்டு அனுப்பினால், அந்த வாடகையைப் பிறகு எங்கள் விற்பனை பில்லில் சேர்த்து வசூலித்தாலும் ரிவர்ஸ் சார்ஜ் எங்களுடையதுதான்.

மூன்றாவதாக, பில்லிலேயே வரி போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். 2022 ஜூலை 18 முதல் இருக்கும் முறைப்படி, டிரான்ஸ்போர்ட் நிறுவனங்கள் விரும்பினால் தாங்களே வரி வசூலித்துக் கட்டலாம். அப்படித் தேர்ந்தெடுத்தவர்கள் பில்லில் அதற்கான உறுதிமொழியை அச்சிட்டிருப்பார்கள். அவர்களிடம் 5 சதவீதம், 12 சதவீதம் என்று இரண்டு விகிதம் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த 12, 18 ஆகிவிட்டது. இப்படிப்பட்ட பில்லுக்கு நாம் மறுபடி வரி கட்டக் கூடாது. டிரான்ஸ்போர்ட்காரர் பெயரை மட்டும் பார்த்துப் பதிவு செய்தால் ஒரே வாடகைக்கு இரண்டு முறை வரி போய்விடும்.

ஒரு பில்லை முழுக்கப் பார்ப்போம். புனேவிலிருந்து பேரிங் வருகிறது, டூ பே, வாடகை 8,400 ரூபாய். வரி 420. இது மாநிலங்களுக்கு இடையிலான வரியான ஐ.ஜி.எஸ்.டி.யா, அல்லது 210, 210 என்று மத்திய, மாநில வரியா? சரக்கு வேறு மாநிலத்திலிருந்து வந்ததால் ஐ.ஜி.எஸ்.டி. என்று பலரும் முடிவு செய்கிறார்கள். ஆனால் சரக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பதிவு பெற்றவருக்குச் செய்யும் சரக்குப் போக்குவரத்துக்கு, சேவை நடந்த இடம் பெறுகிறவரின் மாநிலம்தான். எனவே பில் கொடுத்த டிரான்ஸ்போர்ட்டின் ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள். 27 என்றால் மகாராஷ்டிரப் பதிவு, எனவே ஐ.ஜி.எஸ்.டி. 420. அதே நிறுவனத்தின் கோவைக் கிளை 33 என்ற எண்ணில் பில் போட்டால் 210, 210.

சரி, பணம் எப்படிக் கட்டுவது? பழக்கமில்லாதவர்கள் தடுமாறுவது இங்கேதான். ரிவர்ஸ் சார்ஜ் வரியை இன்புட் பாக்கியிலிருந்து கழிக்க முடியாது. கேஷ் லெட்ஜரில் பணம் இருக்க வேண்டும். ஒரு மாதம் விற்பனை வரி 1,40,000, கையில் இன்புட் 1,52,000, ரிவர்ஸ் சார்ஜ் 3,200 என்று வையுங்கள். இன்புட் மிச்சம் 12,000 இருந்தாலும் 3,200-க்குச் சலான் போட்டே ஆக வேண்டும். அதை மாத ரிட்டர்னான GSTR-3B-யில் 3.1(d)-யில் காட்டி, அதே மாதம் 4(A)(3)-இல் இன்புட்டாக எடுக்கலாம். இன்புட் மிச்சம் 15,200 ஆகும். வரி நஷ்டமில்லை, ஆனால் பணம் போய் இன்புட்டாக மாறி உட்கார்ந்துகொள்கிறது. இன்புட் எப்போதும் மிஞ்சும் தொழிலில் இது நிஜமான சுமை. இந்த விதியைத் தளர்த்த வேண்டும் என்பது என் கருத்து. சலானில் தலைப்பு மாறிப் பணம் விழுந்துவிட்டால் PMT-09 படிவத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

எந்த மாதத்தில் காட்டுவது என்பதும் கவனிக்க வேண்டியது. பதிவு பெற்ற டிரான்ஸ்போர்ட் என்றால், பணம் கொடுத்த நாள், அல்லது பில் தேதியிலிருந்து 60 நாள் முடிந்த மறுநாள், இரண்டில் எது முந்தியோ அது. ஏப்ரல் 5 தேதியிட்ட பில்லுக்கு ஜூலை 10-இல் பணம் கொடுத்தால், கணக்கு ஜூன் 5-ஆம் தேதிக்கே வந்துவிடும். ஜூலை ரிட்டர்னில் காட்டினால் 18 சதவீத வட்டி. ஒரு பில்லுக்கு அது சில ரூபாய்தான். ஆனால் வாடகையை மூன்று மாதம் இழுத்துக் கொடுக்கும் கம்பெனியில் எல்லா பில்லும் இப்படியே போகும். அதனால் மாதக் கடைசியில் பாக்கி நிற்கும் பில்களைத் தேதி வாரியாக எடுத்துப் பார்ப்பேன்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. டிரான்ஸ்போர்ட்காரர் ஏப்ரல் பில்லை ஏப்ரல் ரிட்டர்னிலேயே காட்டிவிடுவார், எனவே நமக்கு வந்த பில்களின் பட்டியலான GSTR-2B-யில் அது அப்போதே வந்துவிடும். வரி கட்டுவதற்கு முன் அதைப் பார்த்து இன்புட் எடுத்துவிடக் கூடாது. முன்பு இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். 2024 ஆகஸ்ட் மாதக் கணக்கிலிருந்து போர்ட்டலில் ரிவர்ஸ் சார்ஜுக்கென்றே RCM Liability/ITC Statement வந்த பிறகு எளிதாகிவிட்டது. கட்டிய வரியும் எடுத்த இன்புட்டும் அதில் எதிரெதிரே நிற்கும். பாக்கி மைனஸில் போனால் கட்டாத வரிக்கு இன்புட் எடுத்திருக்கிறோம் என்று பொருள். பிளஸில் நின்றால் எடுக்க மறந்த இன்புட் இருக்கிறது. ரிவர்ஸ் சார்ஜில் இத்தனை ஆண்டுகளில் வந்த மாற்றங்களில் எனக்கு அதிகம் பயன்பட்டது இதுதான்.

பதிவில்லாத டிரான்ஸ்போர்ட் என்றால் பில்லையும் நாமே நம் பெயரில் எழுத வேண்டும். 2024 நவம்பர் 1 முதல், சேவை பெற்ற 30 நாளுக்குள் எழுத வேண்டும் என்று விதி வந்துவிட்டது. வருடக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து எழுதிய காலம் முடிந்தது. இதற்குத் தனி வரிசை எண் வைத்து, எல்.ஆர். எண்ணையும் அதில் குறித்துவிடுங்கள். ஆடிட்டர் கேட்கும்போது தேட வேண்டியதில்லை.

இவ்வளவும் இன்புட் எடுக்க முடிந்தவர்களுக்கு. விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் இருக்கும் கடைக்காரருக்கும் ரிவர்ஸ் சார்ஜ் உண்டு, ஆனால் இன்புட் கிடையாது. டூ பே-யில் சரக்கு இறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த 5 சதவீதம் அவருக்குச் செலவுதான். விலை போடும்போதே வாடகையோடு அதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.