பிட்ச் கால் முடிந்து இரண்டு வாரமாகப் பதில் இல்லையா? ஃபாலோ-அப்பில் ஃபைலை அனுப்பிவிடாதீர்கள்

பெங்களூரில் ஃப்ரீலான்ஸாக ஆப் டிசைன் செய்பவர்கள் கவனத்துக்கு. கோரமங்களா பக்கம் ஒரு ஸ்டார்ட்அப்பிடம் ஒரு தமிழ் டிசைனருக்கு நடந்தது இது. பெயர் போடவில்லை, இதே முறையை வேறு இடங்களிலும் கையாள்கிறார்கள்.

கூகுள் மீட்டில் முக்கால் மணி நேரம் பேச்சு. எதிர்முனையில் இருந்த ப்ராடக்ட் மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். "அட, நம்ம ஊரா ப்ரோ?" என்று ஆரம்பித்ததும் பாதி எச்சரிக்கை உணர்வு போய்விட்டது. ஆப்பில் புதிதாகச் சேருபவர் பார்க்கும் திரைகளை மாற்றியமைக்க 60,000 ரூபாய் என்று பேச்சு. "ஃபவுண்டர்கிட்ட காட்டணும், மூணு ஸ்க்ரீன் மட்டும் போட்டு அனுப்புங்க" என்றார்கள். ஃபிக்மா லிங்க் போனது. அதன்பிறகு இரண்டு வாரம் மூச்சே இல்லை.

பிறகு டிசைனர் அனுப்பிய மெயில் இதுதான்: "சும்மா நினைவுபடுத்தலாம்னு எழுதுறேன். பட்ஜெட் பிரச்சினைன்னா 45,000-க்கும் பண்ணித் தரேன். உங்க டீம் பார்க்க வசதியா ஃபைலையும் இணைச்சிருக்கேன்." அதுவரை கிணற்றில் போட்ட கல்லாக இருந்தவர்கள் உடனே "தேங்க்ஸ் ப்ரோ, பேசிட்டு சொல்றேன்" என்றார்கள். சொல்லவில்லை. ஆப்பின் அடுத்த அப்டேட்டில் அந்த மூன்று திரைகளும் வந்தன. படிகளின் வரிசை அதே. 'பிறகு' பட்டன் இருந்த மூலை அதே. 16 பிக்சல் இருக்க வேண்டிய ஓர் இடத்தில் அவர் கவனிக்காமல் விட்ட 14 பிக்சல் இடைவெளிகூட அப்படியே இருந்தது.

ஏமாற்றியது அவர்கள்தான். ஆனால் கதவைத் திறந்துவிட்டது அந்த மெயில். "நினைவுபடுத்தலாம்னு" என்பதில் கேள்வியே இல்லை, அதனால் பதில் சொல்லும் கட்டாயமும் இல்லை. யாரும் கேட்காமலே 15,000 குறைத்தால், முதலில் சொன்ன விலை சும்மா சொன்னது என்றாகிவிடும். மூலக் கோப்பு கைக்கு வந்த பிறகு உங்களை வேலைக்கு எடுக்க அவர்களுக்குக் காரணமே இல்லை.

இரண்டு வார மௌனம் எல்லாமே மோசடி அல்ல. பெரும்பாலும் பட்ஜெட் ஒப்புதல் எங்கோ தேங்கியிருக்கும். வித்தியாசம் ஃபைலில் தெரியும். மெயிலுக்குப் பதில் இல்லை, ஆனால் கால்-இல் இல்லாத யாரோ ஃபிக்மாவில் எடிட் அனுமதி கேட்கிறார், அல்லது "ஃபான்ட் என்ன, ஐகான்களைத் தனியா தர முடியுமா" என்று வாட்ஸ்அப்பில் வருகிறது என்றால், உள்ளே யாரோ அதை வைத்து வேலை செய்கிறார்கள். முடிவெடுக்காத கம்பெனிக்கு ஐகான் எதற்கு? உடனே லிங்க்கை மூடிவிடுங்கள். 'பார்க்க மட்டும்' என்று கொடுத்திருந்தாலும், காப்பி எடுக்கும் அனுமதியைத் தனியாக நிறுத்தாவிட்டால் பார்ப்பவர் தன் கணக்கில் பிரதி எடுத்துக்கொள்ளலாம். மாதிரி காட்டியே ஆக வேண்டுமென்றால், குறுக்கே உங்கள் பெயர் போட்ட சிறிய அளவு படம் போதும்.

ஃபாலோ-அப்பைப் பழைய மெயில் தொடரிலேயே அனுப்புங்கள். பேசிய தேதியும் தொகையும் கீழேயே இருக்கும். விஷயம் இவ்வளவுதான்:

"வணக்கம். 3-ஆம் தேதி பேசிய வேலைக்கு நான் சொன்ன 60,000 ரூபாய் வரும் வெள்ளிவரை செல்லும். 30 சதவீதம் முன்பணம் வந்ததும் தொடங்குவேன். இந்த மாதம் தொடங்குகிறோமா, இல்லையா? அனுப்பிய மூன்று திரைகள் பரிசீலனைக்கு மட்டும். ஒப்பந்தமும் பணமும் இல்லாமல் பயன்படுத்த அனுமதி இல்லை."

'இல்லை' என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வழிவிடுவது முக்கியம். நேர்மையான கிளையன்ட் அதைச் சொல்லிவிடுவார். வெள்ளிக்குப் பிறகும் மௌனம் என்றால் அந்தத் தேதிகளை வேறு வேலைக்குக் கொடுங்கள். போன் போட்டுத் துரத்தினால் "சின்னதா இன்னொரு ஸ்க்ரீன் போடுங்களேன்" என்ற கோரிக்கைதான் வரும்.

அந்த மெயிலின் கடைசி வரியை வெறும் மிரட்டல் என்று நினைக்க வேண்டாம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் சுதந்திரமாக வரைந்த திரைக்கு உரிமையாளர் நீங்கள்; எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்காமல் உரிமை கைமாறாது. ஆனால் கால்-இல் வாயால் சொன்ன யோசனைக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. "ஏழு படியை மூன்றாக்குங்கள்" என்று நீங்கள் சொன்னதை அவர்கள் சொந்தமாக வரைந்து செய்தால் பதிப்புரிமையை வைத்துக் கேட்க முடியாது. அதனால் கால்-இல் பிரச்சினை எது என்று காட்டுங்கள், தீர்வை முழுதாக அவிழ்க்காதீர்கள்.

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இருக்கிறது, அரசின் எம்எஸ்எம்இ சமாதான் தளத்தில் புகார் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். அது வேலையை வாங்கிக்கொண்டு பணம் தாமதிப்பவர்கள்மீது புகார் செய்வதற்கானது. ஆர்டரே தராத இடத்தில் எடுபடாது.

திரைகள் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டால், கோபத்தில் பதிவு போடுவதற்கு முன் அவர்கள் ஆப்பின் ஸ்க்ரீன்ஷாட்டைத் தேதியோடு எடுங்கள். ஃபிக்மாவின் பழைய பதிப்புகளின் பட்டியலையும் மெயில் தொடரையும் பிடிஎஃப் ஆக்கி வைத்துக்கொண்டு, முழுத் தொகைக்கும் இன்வாய்ஸ் இணைத்து ஃபவுண்டருக்கே நேரடியாக எழுதுங்கள். மேனேஜரிடம் மறுபடி போக வேண்டாம்.