துபாயிலிருந்து குடியாத்தம்: வங்கி வழியா, ஸ்டேபிள்காயின் வழியா?

குடியாத்தம், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்து வீடுகளுக்கு வளைகுடாப் பணம் புதிதில்லை. மாதம் பிறந்தால் எக்ஸ்சேஞ்ச் கடையில் வரிசை, பிறகு ஊருக்கு ஒரு போன். இப்போது அறைத் தோழர் யாராவது ஒருவர் "எதுக்குப்பா வரிசை, யூஎஸ்டிடி-ல அனுப்பு, ஒரு நிமிஷம்தான்" என்கிறார். அந்த ஒரு நிமிடக் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். அண்ணன் துபாயில் ஏசி மெக்கானிக், தம்பி குடியாத்தத்தில். அனுப்ப வேண்டியது 2,000 திர்ஹாம்.

வங்கி வழியில் அந்தத் திர்ஹாம் கடல் தாண்டி வருவதே இல்லை. எக்ஸ்சேஞ்ச் நிறுவனம் இந்திய வங்கி ஒன்றில் ரூபாய்க் கணக்கு வைத்திருக்கும். அண்ணன் அங்கே காசு கட்டினால், இங்கே இருக்கும் அந்த ரூபாயிலிருந்து தம்பிக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு தகவல் மட்டும் வரும். அந்த வங்கி அதை ஐஎம்பிஎஸ் அல்லது நெஃப்ட் மூலம் தள்ளிவிடும். ஐஎம்பிஎஸ் சில நொடி. நெஃப்ட் அரை மணிக்கு ஒரு தொகுப்பு, 2019 டிசம்பரிலிருந்து ஞாயிறு, பண்டிகை எல்லா நாளும் உண்டு. ஆக, எல்லாம் ஒழுங்காக இருந்தால் பெரும்பாலும் அன்றைக்கே வந்துவிடும். தாமதம் எங்கே என்றால் பெயரில். நம் ஊர் இனிஷியல்தான் வில்லன். ரசீதில் "எஸ். குமார்", வங்கியில் "குமார் சுப்ரமணி" என்றிருந்தால், சோதனையில் நிற்கும் பணம் ஒருவர் பார்த்து விடுவிக்கும் வரை நிற்கும்.

ஸ்டேபிள்காயின் என்பது ஒரு டாலருக்கு ஒன்று என்று நிறுவனம் ஒன்று வெளியிடும் டிஜிட்டல் டோக்கன். யூஎஸ்டிடியை வெளியிடுவது டெதர். வளைகுடாவிலிருந்து அனுப்புகிறவர்கள் டிரான் என்ற பிளாக்செயின் சங்கிலியை விரும்புவார்கள். அதில் 3 நொடிக்கு ஒரு பிளாக், அதாவது பரிமாற்றங்களின் ஒரு தொகுப்பு, பதிவாகும். 27 சரிபார்ப்பாளர்களில் 19 பேர் அதன் மேல் தங்கள் பிளாக்கை அடுக்கிவிட்டால் பரிமாற்றம் உறுதி, சுமார் ஒரு நிமிடம். இதுவரை அறைத் தோழர் சொன்னது சரிதான். ஆனால் தம்பி கையில் இப்போது இருப்பது டோக்கன். மளிகைக் கடையில் அது செல்லாது. கிரிப்டோ வாங்கி விற்கும் தளம் ஒன்றில் வாங்குபவரைப் பிடித்து, அவர் யூபிஐ-யில் ரூபாய் போட்டு, தம்பி டோக்கனை விடுவிக்க வேண்டும். ஒரு நிமிடம் என்பது நடுவில் உள்ள பாதைக்கு மட்டும். இரண்டு முனைகளிலும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

செலவுக்கு வருவோம். விலைகள் தினம் மாறும், இவை கணக்குக்காக வைத்துக்கொண்டவை. சந்தையில் திர்ஹாம் 23 ரூபாய், எக்ஸ்சேஞ்ச் தருவது 22.90, கட்டணம் 20 திர்ஹாம் என்றால், தம்பிக்கு 45,342 ரூபாய் கிடைக்கும். யூஎஸ்டிடி வழியில் 3.70 திர்ஹாமுக்கு ஒன்று வாங்கினால் 540 சொச்சம். டிரான் கட்டணம் 2 டாலர் போக 538.5. (கட்டணம் தொகையைப் பொறுத்ததல்ல. அதைச் செலுத்த வாலட்டில் டிரானின் சொந்த நாணயமான டிஆர்எக்ஸ் இருக்க வேண்டும், அதுவரை டோக்கன் அசையாது.) இங்கே ஒன்று 87 ரூபாய்க்கு விற்றால் 46,850. அதில் 1 சதவீத டிடிஎஸ் போக, கையில் 46,381. வாங்கிய விலைக்கு மேல் கிடைத்த லாபத்துக்கு 30 சதவீத வரி தனி. அதில் கட்டணம் போன்ற செலவுகளைக் கழிக்க முடியாது.

வரி கட்டியும் பல நூறு ரூபாய் அதிகம் வருகிறதே என்று தோன்றும். ஆனால் அந்த லாபம் தொழில்நுட்பம் தந்ததல்ல. டாலர் 84.50-க்குக் கிடைக்கும்போது யாரோ ஒருவர் 87 கொடுக்கிறார், அதிலிருந்து வருவது. முன்பின் தெரியாதவர் வங்கி விலையைவிட ஏன் அதிகம் தருகிறார் என்று ஒரு முறையாவது யோசிக்க வேண்டும். நேர்மையான காரணங்களும் உண்டு, இந்தியாவில் டோக்கன் வரத்து குறைவு. மற்ற காரணங்களைக் கீழே பார்க்கலாம்.

யார் திருப்ப முடியும் என்பதுதான் என் பார்வையில் முக்கியமான வித்தியாசம். வங்கியில் மூன்று நிலைகள். கணக்கில் கழிந்து அந்தப் பக்கம் சேராத ஐஎம்பிஎஸ், யூபிஐ பணம் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இது 2019 ரிசர்வ் வங்கி விதி. எண் தவறாகப் போட்டு வேறொருவர் கணக்கில் விழுந்துவிட்டால், வங்கி தன் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது, அவருடைய சம்மதம் வேண்டும். மோசடி என்றால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்து, பணம் போன கணக்குகளில் அந்தத் தொகையை நிறுத்தி வைக்கச் செய்யலாம். எதுவும் உடனடி இல்லை. ஆனால் தட்டுவதற்கு ஒரு கதவு இருக்கிறது.

டிரானில் அந்தக் கதவு கிடையாது. முகவரி மாறினாலும், டிரானைக் குறிக்கும் TRC20-க்குப் பதில் வேறு நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்துவிட்டாலும், சங்கிலியில் ரத்து பட்டன் இல்லை. பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து முகவரியை நகலெடுப்பது ஆபத்து. முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்து ஒத்த போலி முகவரியிலிருந்து சில்லறைத் தொகை அனுப்பி, பட்டியலில் இடம்பிடித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். முழு முகவரியையும் பார்க்க வேண்டும்.

யாராலும் முடியாது என்று சொன்னால் அதுவும் பொய். டெதரின் ஒப்பந்த நிரலில் `addBlackList` என்று ஒரு கட்டளை இருக்கிறது, எந்த முகவரியையும் அது முடக்கும். 2021-ல் பாலி நெட்வொர்க் என்ற கிரிப்டோ தளத்தில் நடந்த திருட்டின்போது சுமார் 3.3 கோடி யூஎஸ்டிடியை அப்படித்தான் முடக்கினார்கள். ஆனால் அந்தச் சாவி பெருந்திருட்டுக்கும் போலீஸ் கோரிக்கைக்கும் திறக்கும். துபாய் அண்ணன் தவறாக அனுப்பிய 538 டாலருக்காகத் திறக்கும் என்று நம்பி உட்கார வேண்டாம்.

இந்த இரண்டு விதிகளும் மோதும் இடம் அந்தக் கடைசி விற்பனை. தம்பி விடுவித்த டோக்கன் திரும்பாது. அவருக்கு வந்த ரூபாயோ வங்கி விதிக்கு உட்பட்டது. வாங்கியவர் அனுப்பியது வேறு மாநிலத்தில் யாரோ ஒருவரிடம் ஏமாற்றிய பணம் என்றால், ஏமாந்தவர் 1930-க்குச் சொல்ல, பணம் போன கணக்கு கணக்காகத் தொடர்ந்து தம்பியின் கணக்கில் அந்தத் தொகைக்கு நிறுத்தம் விழும். சில சமயம் முழுக் கணக்கும் முடங்கும். டோக்கனும் இல்லை, ரூபாயும் இல்லை. 87 ரூபாய் தருபவர்களில் இப்படிப் பணத்தைக் கைமாற்ற அவசரப்படுபவரும் இருக்கலாம்.

இது முன்கூட்டியே தெரிவதற்கு ஒரு அடையாளம் உண்டு. தளத்தில் சரிபார்த்த பெயரும், ரூபாய் வந்த கணக்கின் பெயரும் வேறு என்றால் டோக்கனை விடுவிக்கக் கூடாது. "என் தம்பி கணக்குல இருந்து போட்டேன், விடுங்க சார்" என்று அவசரப்படுத்துவார்கள். தளத்தில் புகார் பதிந்துவிட்டு, பணம் வந்த அதே கணக்குக்கே திருப்ப வேண்டும். நிறுத்தம் விழுந்துவிட்டால், புகாரின் ஒப்புகை எண், எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகை என்ற மூன்றையும் வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். ஆர்டர் விவரம், அரட்டை, சங்கிலிப் பரிவர்த்தனை எண்ணோடு அந்த அதிகாரிக்கு எழுதி, தகராறுள்ள தொகைக்கு மட்டும் நிறுத்தம் வைக்கச் சொல்லலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. வெளிநாட்டுப் பணம் அனுமதி பெற்ற வங்கி, நிறுவனங்கள் வழியாக வந்தால்தான் அது வெளிநாட்டு வரவு என்பதற்குச் சான்று கிடைக்கும். அண்ணன் என்ஆர்இ கணக்கில் சேர்க்க நினைத்தாலோ, நாளை வீட்டுக் கடனுக்கு வருமானம் காட்ட நினைத்தாலோ, யாரோ ஒருவர் யூபிஐ-யில் போட்ட ரூபாய் உதவாது. மாதாமாதம் வீட்டுச் செலவுக்கு அனுப்புகிற அண்ணன் அந்தச் சில நூறு ரூபாயை விட்டுவிட்டு எக்ஸ்சேஞ்ச் வரிசையிலேயே நிற்கலாம் என்பேன். ரசீதில் இனிஷியலை மட்டும் பாஸ்புக்கில் உள்ளபடி எழுதட்டும்.